ஞாயிற்றுக்கிழமை யாருக்கு?

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்குநர் அலுவலகத்துக்கு,

அரியலூர் சிமெண்ட் ஆலைகளில் கில்ன் அணைவதில்லை. ஞாயிறோ பொங்கலோ, மூன்று ஷிப்டும் ஓடியாக வேண்டும். அந்த ஞாயிறுகளை யார் யார் சுமப்பது என்பதை ஷிப்டு சார்ட்தான் தீர்மானிக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

பல ஆலைகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு கிழமையை வார ஓய்வாகக் குறித்துவிட்டு, அன்றைக்கு ரிலீவரைப் போட்டு ஓட்டுகிறார்கள். இந்த ஏற்பாட்டில் புதன்கிழமை ஓய்வு விழுந்தவருக்கு ஆண்டு முழுக்கப் புதன்தான். பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும்வரை அவர் மட்டும் வீட்டில் இருப்பார். சீனியருக்கு ஞாயிறு, புதிதாகச் சேர்ந்தவருக்கு மிச்சமிருக்கும் கிழமை. இதை நியாயம் என்று சொல்ல முடியாது.

நான்கு அணி வைத்து, ஆறு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு என்று சுழற்றுவது இதைவிட மேல். எட்டு நாளுக்கு ஒரு சுற்று என்பதால் ஓய்வு ஒவ்வொரு முறையும் ஒரு கிழமை தள்ளிப் போகும். இந்தச் சனி, ஞாயிறு ஓய்வு என்றால் அடுத்த முறை ஞாயிறு, திங்கள். அதற்குப் பிறகு வரிசையாக ஆறு ஞாயிறு வேலை. எட்டு வாரத்தில் சனியும் ஞாயிறும் சேர்ந்து கிடைப்பது ஒரே ஒரு தடவை.

இதே நான்கு அணியை இரண்டு, இரண்டு, மூன்று என்று அடுக்கிப் பாருங்கள். திங்கள், செவ்வாய் காலை ஷிப்டு. புதன், வியாழன் மதிய ஷிப்டு. வெள்ளி முதல் ஞாயிறு வரை இரவு. இரண்டாம் வாரம் இரண்டு நாள் ஓய்வு, இரண்டு காலை, மூன்று மதியம். மூன்றாம் வாரம் இரண்டு இரவு, இரண்டு ஓய்வு, மூன்று காலை. நான்காம் வாரம் இரண்டு மதியம், இரண்டு இரவு. பிறகு வெள்ளி, சனி, ஞாயிறு முழு ஓய்வு. ஒவ்வோர் அணியும் ஒரு வாரம் தள்ளித் தொடங்கினால் எந்த ஷிப்டும் காலியாகாது, எந்த ஷிப்டிலும் இரண்டு அணி சேராது.

இரண்டு முறையிலும் வேலை நேரம் வாரத்துக்குச் சராசரி 42 மணிதான். எட்டு வாரத்தில் கிடைக்கும் ஞாயிறும் இரண்டேதான். ஆனால் இங்கே நான்கு வாரத்துக்கு ஒன்று தவறாமல் வரும், அதுவும் சனியோடு சேர்ந்து. வியாழன் இரவு ஷிப்டு முடித்து வெள்ளி காலை ஆறு மணிக்கு வெளியே வருபவர் அன்று பகலெல்லாம் தூங்கித்தான் தீர்ப்பார். அப்படியும் இரண்டு முழு நாள் மிஞ்சும். புரட்டாசிச் சனிக்குக் கல்லங்குறிச்சி போவதா, ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிப்பதா, எல்லாவற்றையும் ஒரு மாதம் முன்பே சொல்ல முடியும். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஓர் அணி தொடர்ந்து ஏழு நாள் வேலை செய்கிறதே, சட்டம் இடம் தருமா என்று கேட்பீர்கள். 2025 வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டம் வாரத்தைச் சனி நள்ளிரவிலிருந்து எண்ணியது. அப்படி எண்ணினால் முதல் வாரம் 48 மணி, மற்ற மூன்றும் 40 மணி. திங்களிலிருந்து எண்ணினால் அதே சார்ட் முதல் வாரத்தில் 56 மணி காட்டும். சார்ட்டை வாங்கிப் பார்க்கும்போது வாரம் எங்கே தொடங்குகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டுகிறோம்.

12 மணி ஷிப்டில் இரண்டு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு, மூன்று நாள் வேலை என்று ஓட்டினால் ஒன்றுவிட்டு ஒரு வாரம் வெள்ளி முதல் ஞாயிறு வரை ஓய்வு கிடைக்கும். வார இறுதியை மட்டும் பார்த்தால் அதை எதுவும் மிஞ்சாது. நான்கு நாள் வேலை, நான்கு நாள் ஓய்வு என்னும் 12 மணி முறைகூட மூன்று வார இறுதியைத் தொடர்ந்து கொடுத்துவிட்டு, அடுத்த ஐந்து வாரம் முழு வார இறுதியே தராது. ஆனால் கில்ன் வெக்கையிலும் தூசியிலும் 12 மணி நேரம் நிற்பதை வார இறுதியைக் காட்டி ஏற்கச் சொல்லக் கூடாது. 2023 ஏப்ரலில் 12 மணி வேலைக்கு வழிவிட்ட சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியதும், எதிர்ப்பு எழுந்து மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதும் உங்கள் அலுவலகம் அறிந்ததே.

நான்கு அணி என்றால் நிர்வாகங்கள் ஆள் கணக்கைக் காட்டும். அதில் உண்மை இருக்கிறது. வாரத்துக்கு 48 மணி என்றால் ஓர் இடத்துக்கு மூன்றரை ஆள் போதும். 42 மணி என்றால் நான்கு ஆள் வேண்டும். 40 இடத்துக்கு 140 பேர் இருந்த ஆலை 160 பேர் வைக்க வேண்டும். ஆள் எடுக்காமல் சார்ட்டை மட்டும் மாற்றினால், கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர் மாதிரி எளிதில் கிடைக்காத ஆட்கள் ஓய்வு நாளிலும் கூப்பிடப்படுவார்கள். சார்ட் அழகாகத்தான் இருக்கும். ஓவர்டைம் பதிவேட்டில் சனி, ஞாயிறு தேதிகளுக்கு நேரே அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்.

ஆகவே, அடுத்த ஆய்வுக்கு வரும்போது உங்கள் ஆய்வாளர்கள் சார்ட்டையும் ஓவர்டைம் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எட்டு வாரத்துக்குப் படிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் எத்தனை ஞாயிறு கிடைத்தது, ஒரு ஞாயிறுக்கும் அடுத்த ஞாயிறுக்கும் நடுவே எத்தனை வாரம் போனது என்ற இரண்டு எண்களையும் ஆலை வாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஆசிரியர்