புதிய ரேஷன் கார்டு விண்ணப்பம்: ‘உறவுமுறை’ கட்டத்தில் சிக்கிக்கொள்ளும் குடும்பங்கள்

புதிய ரேஷன் கார்டுக்கு `tnpds.gov.in` தளத்தில் விண்ணப்பிப்பது, ஆவணங்கள் கையில் இருந்தால் அரை மணி நேர வேலை. பெயர், முகவரி, போட்டோ, கேஸ் இணைப்பு விவரம் எல்லாம் சட்டென்று முடிந்துவிடும். பலர் தடுமாறுவது ‘உறுப்பினர் சேர்க்கை’ பகுதியில்தான். அதிலும் ‘உறவுமுறை’ என்கிற ஒரு சின்ன கட்டம், பார்ப்பதற்கு எளிதாக இருந்துகொண்டே பலரையும் மாட்டிவிடுகிறது.

காரணம் இதுதான். வீட்டில் நாம் உறவை நம் இடத்திலிருந்து சொல்வோம். என் அம்மா, என் மனைவி, என் பையன். விண்ணப்பமோ எல்லோரையும் ஒரே ஆளின் இடத்திலிருந்து பார்க்கிறது. அந்த ஆள் குடும்பத் தலைவர். போனில் டைப் செய்பவர் யாராக இருந்தாலும், ஒவ்வொரு உறுப்பினரும் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதைத்தான் அந்தக் கட்டம் கேட்கிறது. திரையில் இருப்பதோ ‘உறவுமுறை’ என்ற ஒற்றைச் சொல். யாருக்கு உறவு என்று அது சொல்வதில்லை.

கம்பத்தில் ஒரு வீடு

ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கம்பத்தில் திராட்சைத் தோட்ட வேலை பார்க்கும் இளைஞர். மனைவி போடிக்காரர். இரண்டு வயதில் ஒரு மகன். இளைஞரின் அம்மா கணவரை இழந்தவர். இதுவரை அண்ணன் வீட்டில் இருந்த அவர், இனி சின்ன மகனோடு இருக்கப்போகிறார். நால்வரும் கம்பத்தில் தனி வாடகை வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். இந்தத் தனிச் சமையல் முக்கியம். களவிசாரணைக்கு வருபவர் முதலில் பார்ப்பது அதைத்தான். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு இரண்டு கார்டு கேட்டால் கிடைக்காது.

குடும்பத் தலைவியாக மனைவியின் பெயரைப் போடுவது என்று முடிவு செய்கிறார்கள். போனைப் பிடித்து விண்ணப்பத்தை நிரப்புவது கணவர். அம்மாவின் வரிசை வந்ததும் யோசிக்காமல் ‘தாய்’ என்று தேர்வு செய்கிறார். “அம்மாதானே, அதான் அம்மான்னு போட்டேன்” என்பார். ஆனால் கார்டின் கணக்கில் அவர் மனைவிக்குத் தாய் ஆகிவிட்டார். அங்கே வரவேண்டியது ‘மாமியார்’.

இந்தப் பக்கத்தில் சொந்தத்துக்குள் கல்யாணம் புதிதல்ல. அத்தை மகனைக் கட்டிய பெண்ணுக்கு மாமியார்தான் அத்தை. அக்கா மகளைக் கட்டிய வீட்டில் மாமியார்தான் அம்மாச்சி. வீட்டில் எப்படிக் கூப்பிட்டாலும் சரி, விண்ணப்பத்தில் திருமணத்தால் வந்த உறவை எழுதுவதுதான் குழப்பமில்லாதது. ஆதாரிலும் வாக்காளர் அட்டையிலும் இருக்கும் கணவர் பெயர், தந்தை பெயரோடு அதுதான் ஒத்துப்போகும்.

இதே நால்வருக்கும் தலைவரை மாற்றிப் பார்த்தால் எல்லா வரிசையும் மாறும். மனைவி தலைவியானால் மற்றவர்கள் கணவர், மகன், மாமியார். கணவர் தலைவரானால் மனைவி, மகன், தாய். அம்மா தலைவியானால் மகன், மருமகள், பேரன். அதனால் உறுப்பினர்களைச் சேர்க்கத் தொடங்கும் முன் தலைவர் யார் என்பதை முடிவு செய்ய வேண்டும். பாதியில் தலைவரை மாற்றினால், ஏற்கனவே போட்ட உறவுகள் அத்தனையையும் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் பலர் விட்டுவிடுகிறார்கள். மேலே தலைவரின் பெயரும் முகவரியும் கொடுத்தாயிற்று என்பதற்காக அவர் உறுப்பினர் பட்டியலில் தானாக வந்துவிட மாட்டார். ‘உறுப்பினரைச் சேர்க்க’ பொத்தானை அழுத்தி, ‘குடும்பத் தலைவர்’ என்ற உறவோடு அவரையும் முதல் ஆளாகச் சேர்க்க வேண்டும். நால்வர் குடும்பம் என்றால் பட்டியலில் நான்கு வரிசை இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பதிவு செய்வது நல்லது.

தலைவர் யார் என்பது வெறும் பெயர் அல்ல

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-ன் 13-வது பிரிவு, தகுதியுள்ள குடும்பத்தில் 18 வயது நிரம்பிய மூத்த பெண்ணையே ரேஷன் கார்டின் தலைவியாகக் கொள்ளச் சொல்கிறது. அதன்படி பார்த்தால் இந்த வீட்டில் தலைவி மாமியார். ஆனால் வீடுகளில் கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது.

2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் ரேஷன் கார்டை அடிப்படையாகக் கொண்டது. ஒரு கார்டுக்கு ஒரு பெண்தான் பயனாளி. கார்டில் ஆண் தலைவராக இருந்தால், அவருடைய மனைவி குடும்பத் தலைவியாகக் கருதப்படுவார். அப்படியானால் கணவரைத் தலைவராகப் போட்ட வீட்டில் ‘மனைவி’ என்ற அந்த ஒரு சொல் மாதம் 1,000 ரூபாய்க்கான அடையாளம். அங்கே தவறிப்போய் வேறு உறவைத் தேர்வு செய்திருந்தால், கார்டைப் பொறுத்தவரை அந்த வீட்டில் மனைவி என்று ஒருவரே இல்லை. அரிசி வாங்கும்போது இது தெரியாது. திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பிழை வெளியே வரும்.

தலைவி மாமியாரா மருமகளா என்பது அவரவர் வீட்டு முடிவு. ஆனால் பண விஷயமும் அதில் இருக்கிறது என்று தெரிந்து, பேசி எடுக்கிற முடிவாக அது இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவர் “யார் பேரைப் போட?” என்று கேட்டதும் அவசரத்தில் சொல்லிவிடக் கூடாது.

பழைய கார்டை விட்டு வந்தால்தான் புதிய கார்டு

உறவை எல்லாம் சரியாகப் போட்டாலும் அடுத்த தடை ஆதார் எண். ஒருவருடைய ஆதார் எண் ஒரு கார்டில் மட்டுமே இருக்க முடியும். முன்னுரிமை அட்டைக்கு அரிசி தலைக்கு மாதம் 5 கிலோ என்று கணக்கிடப்படுவதால், ஒரே தலை இரண்டு இடத்தில் எண்ணப்படக் கூடாது என்பது நியாயமான விதிதான். எண் வேறு கார்டில் இருந்தால் அந்த உறுப்பினரைத் தளம் சேர்க்க விடாது.

நம் உதாரணக் குடும்பத்தில் மூன்று பெரியவர்களின் எண்களும் வேறு கார்டுகளில் இருக்கின்றன. மனைவியின் பெயர் போடியில் பெற்றோர் கார்டில். கணவர் பெயரும் அம்மா பெயரும் அண்ணன் வீட்டுக் கார்டில். அந்தக் கார்டுக்கு அம்மாதான் தலைவி. தலைவியை அப்படியே நீக்கினால் அண்ணன் வீட்டுக் கார்டு தலை இல்லாமல் நிற்கும். அதனால் வரிசை இப்படி அமைய வேண்டும். முதலில் அண்ணன் வீட்டுக் கார்டில் குடும்பத் தலைவர் மாற்றத்துக்கு விண்ணப்பித்து, அண்ணி தலைவியாக வேண்டும். அங்கே மீதமுள்ளவர்களின் உறவுகள் அண்ணியின் பக்கத்திலிருந்து மாறியிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பிறகு அம்மா, தம்பி இருவர் பெயரையும் நீக்க வேண்டும். போடி கார்டில் மனைவியின் பெயரைத் திருமண ஆவணத்தைக் காட்டி நீக்க வேண்டும். இவையெல்லாம் ஏற்கப்பட்ட பிறகுதான் புதிய விண்ணப்பம். குழந்தைக்கு இன்னும் ஆதார் எடுக்கவில்லை என்றால் பிறப்புச் சான்றிதழ் போதும்.

கம்பம் உத்தமபாளையம் வட்டத்தில் வருகிறது. போடி தனி வட்டம். ஆக, ஒரு வீட்டுக் கார்டுக்காக இரண்டு வட்ட வழங்கல் அலுவலகங்களின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய், அங்கேயே தங்கி கேரள கார்டு வாங்கிய குடும்பங்கள் ஊர் திரும்பினால் வேலை இன்னும் கூடும். அங்கே பெயரை நீக்கி, அதற்கான சான்றைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே விண்ணப்பிப்பதுதான் பாதுகாப்பு.

பெயரை நீக்க மறுத்தால்?

பழைய கார்டில் பெயர் நீக்க, அந்தக் கார்டில் பதிவான செல்போனுக்கு வரும் ஓடிபி வேண்டும். சொந்தக்காரர்களிடம் பேச்சுவார்த்தை இருக்கும்வரை இது பிரச்சினை இல்லை. கணவரைப் பிரிந்து, குழந்தையோடு அம்மா வீட்டுப் பக்கம் வந்துவிட்ட ஒரு பெண்ணுக்கு? ஓடிபி போகிற போன் கணவர் கையில். அவர் “தர முடியாது” என்று சொன்னால் அந்தப் பெண்ணால் தளத்தில் ஒரு அடிகூட நகர முடியாது.

இப்படிப்பட்ட பெண்களுக்கு, விவாகரத்து ஆணை இல்லாவிட்டாலும், களவிசாரணை நடத்திப் பழைய கார்டிலிருந்து அலுவலரே பெயரை நீக்கித் தனிக் கார்டு கொடுக்க வழி இருக்கிறது. எழுத்துப்பூர்வமாக வட்ட வழங்கல் அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும். ஆனால் இந்த வழி அலுவலகத்தில்தான் இருக்கிறது, திரையில் இல்லை. யாருக்கு அது அதிகம் தேவையோ, அவர்கள் கண்ணில் அது படுவதில்லை. ஆன்லைன் சேவையின் பெரிய குறை இதுதான்.

சரிசெய்யக் கூடியவை

இவற்றில் பாதிக்குப் பெரிய செலவு தேவையில்லை. ‘உறவுமுறை’ என்ற சொல்லுக்குப் பதில், தலைவரின் பெயரைக் காட்டி ‘இவர் அவருக்கு என்ன உறவு?’ என்று கேட்டால் தாய்–மாமியார் குழப்பம் பெருமளவு தீரும். ஆதார் எண் வேறு கார்டில் இருந்தால் வெறுமனே நிறுத்தாமல், அங்கிருந்து நீக்கி இங்கே சேர்க்கும் ஒரே கோரிக்கையாக அதை ஏற்றுக்கொள்ளலாம். பழைய கார்டின் ஒப்புதல் கிடைக்காதவர்களுக்குக் களவிசாரணை கேட்கும் ஒரு பொத்தான் அங்கேயே இருக்கலாம். இரண்டு கார்டு வைத்திருப்பவர்களைப் பிடிக்கத் தெரிந்த தளத்துக்கு, ஒரு கார்டும் இல்லாமல் நடுவில் நிற்பவர்களுக்கு வழிகாட்டவும் தெரிய வேண்டும்.

அதுவரை, உறவு தவறாகப் பதிவாகிவிட்டால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை வட்ட அளவில் நடக்கும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாமிலும் கொடுக்கலாம். 1967 அல்லது 1800 425 5901 என்ற எண்ணிலும் கேட்கலாம். பதிவு செய்ததும் வருகிற குறிப்பு எண்ணைப் பத்திரமாக எழுதி வைத்துக்கொண்டால், விண்ணப்பத்தின் நிலையைத் தளத்திலேயே பார்த்துவிட முடியும்.