ஃபார்மேட் அடிக்காதீங்க, அப்படியே பிரதி எடுங்க

ஹார்ட் டிஸ்க் ரொம்பிடுச்சுன்னு யாராவது சொன்னா நம்ம ஆளுங்க கொடுக்குற முதல் யோசனை இதுதான்: "பெருசா ஒண்ணு வாங்கு, விண்டோஸைப் புதுசாப் போட்டுடலாம், பொட்டி சும்மா பறக்கும்." பறக்கும்தான், இல்லைங்கல. ஆனா அந்தப் பொட்டியை வச்சு ஒருத்தர் பொழப்பு நடத்துறாருன்னா இது தப்பான யோசனைங்கறது என் கட்சி.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் டிடிபி கடை வச்சிருக்கார். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். நாமெல்லாம் எப்பவோ யூனிகோடுக்கு மாறிட்டோம், அவர் கடையில இன்னும் பழைய எழுத்துருக்கள்தான். பதினஞ்சு வருஷத்து ஃபைல் எல்லாம் அதுலதான் இருக்கு. தட்டச்சு மென்பொருளை வித்த கம்பெனி இப்ப இல்லை, சிடியும் இல்லை. புதுசா விண்டோஸ் போட்டா அத்தனை பத்திரிகையும் ஏதோ புரியாத எழுத்துல பல்லிளிக்கும். போன மாசம் அவரோட 500 ஜிபி டிஸ்க்கை 1 டிபி எஸ்எஸ்டிக்கு மாத்தினோம். அதை வச்சே சொல்றேன்.

C: டிரைவை மொத்தமா காப்பி-பேஸ்ட் பண்ணா ஆகாதான்னு கேட்பீங்க. ஆகாது. பொட்டி கிளம்பறதுக்கான ஃபைல்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் பார்டிஷன்ல இருக்கு. எந்த டிஸ்க்ல எந்தப் பார்டிஷன்ல விண்டோஸ் இருக்குங்கறதை, அவற்றுக்குன்னு எழுதி வச்சிருக்கற அடையாள எண்ணை வச்சுத்தான் அது கண்டுபிடிக்குது. முதல் செக்டார்ல இருந்து கடைசி செக்டார் வரைக்கும் அப்படியே பிரதி எடுத்தா அந்த எண்களும் கூடவே வந்துடும். விண்டோஸுக்கு வீடு மாறினதே தெரியாது.

பிரதி எடுக்குற மென்பொருள்ல பல விதம் இருக்கு. விண்டோஸ் ஓடிட்டு இருக்கும்போதே எடுத்துத் தர்றதும் உண்டு. எனக்கு அதுல மனசு ஒப்பலை. ரெண்டு டிஸ்க்கும் சும்மா தூங்கிட்டு இருக்கும்போது, லினக்ஸ் லைவ் யூஎஸ்பில கிளம்பி எடுக்கறதுதான் நிம்மதி.

முதல்ல பழைய டிஸ்க்கோட உடம்பைப் பார்க்கணும். `smartctl -a /dev/sda` அடிச்சா வர்ற பட்டியல்ல `Current_Pending_Sector` சைபரா இருக்கணும். அண்ணன் டிஸ்க்ல சைபர்தான். இல்லைன்னா அது சாகப்போற டிஸ்க். அதுல `dd` ஓட்டாதீங்க, படிக்க முடியாத முதல் இடத்துலயே நின்னுடும். அதுக்கு `ddrescue`ன்னு தனியா ஒண்ணு இருக்கு. நல்ல பகுதியை எல்லாம் முதல்ல அள்ளிட்டு, மோசமான இடத்துக்கு அப்புறமா திரும்பி வரும்.

டிஸ்க் நல்லா இருந்தா, விண்டோஸ்ல `chkdsk C: /f` ஒரு தடவை ஓட்டிட்டு, `shutdown /s /t 0` அடிச்சு முழுசா அணைங்க. மெனுல போய் அணைச்சா விண்டோஸ் பாதி தூக்கத்துலதான் இருக்கும். அப்புறம் லைவ் யூஎஸ்பில கிளம்பி:

```
lsblk -o NAME,SIZE,MODEL,LOG-SEC
sudo dd if=/dev/sda of=/dev/sdb bs=4M conv=fsync status=progress
```

முதல் வரியோட விடையை அவசரப்படாம படிங்க. 465.8G பழசு, 931.5G புதுசு. `if`ல பழசு, `of`ல புதுசு. இது மாறினா காலி டிஸ்க்கைப் பழசு மேல எழுதிடும், அதோட கதை முடிஞ்சது. கடைசிப் பத்தி ரெண்டு டிஸ்க்குக்கும் ஒரே எண்ணைக் காட்டணும், பெரும்பாலும் 512. சில யூஎஸ்பி பெட்டிகள் டிஸ்க்கை 4096ன்னு காட்டும். அதுல வச்சுப் பிரதி எடுத்து, பிறகு டிஸ்க்கைக் கழட்டி உள்ளே மாட்டினா கிளம்பவே கிளம்பாது. மென்பொருள் சரியில்லைன்னு பல பேர் திட்டறதுக்குக் காரணம் இந்தப் பெட்டிதான். நாங்க நேரா மதர்போர்டுலயே மாட்டிட்டோம்.

செகண்டுக்கு 100 எம்பி வேகம்னா 500 ஜிபிக்கு கிட்டத்தட்ட ஒண்ணரை மணி நேரம் ஆகும். முடிஞ்சதும் இன்னொரு ஒண்ணரை மணி நேரம் ஒதுக்கி ஒப்பிட்டுப் பாருங்கன்னு சொல்வேன். எண் அந்தப் பழைய டிஸ்க்கோட அளவு, பைட்டுல:

```
sudo cmp -n 500107862016 /dev/sda /dev/sdb
```

ஒண்ணுமே சொல்லாம முடிஞ்சா ரெண்டும் ஒண்ணு. அண்ணன் "என்னப்பா, ஒண்ணும் வரலையே"ன்னு பதறினார். வராததுதாண்ணே நல்லது.

இப்ப பழைய டிஸ்க்கைக் கழட்டிடுங்க. ரெண்டையும் சேர்த்து மாட்டி விண்டோஸைக் கிளப்பக் கூடாது. அடையாள எண் ஒண்ணா இருக்கறதால ஒண்ணை ஆஃப்லைன்ல போட்டுடும். எதுல இருந்து கிளம்பிச்சுன்னு உங்களுக்கே குழப்பம் வரும். புதுசை மட்டும் மாட்டிக் கிளப்பினோம். பழைய வால்பேப்பரோட வந்தது, பத்திரிகை ஃபைலும் எழுத்து சிதறாமத் திறந்தது.

ஆனா C: இன்னும் பழைய அளவுதான்! நிறைய பேர் ஏமாந்து போற இடம் இது. மிச்சம் 465 ஜிபி கடைசியில சும்மா கிடக்கு, ஆனா டிஸ்க் மேனேஜ்மென்ட்ல `Extend Volume` மங்கலாத் தெரியும். காரணம், C:க்கும் காலி இடத்துக்கும் நடுவுல ரெக்கவரி பார்டிஷன் நந்தி மாதிரி உட்கார்ந்திருக்கும். அட்மினா கமாண்ட் விண்டோ திறந்து `reagentc /disable` கொடுத்து அந்த ரெக்கவரியைத் தற்காலிகமா நிறுத்துங்க. மறுபடி முழுசா அணைச்சு லைவ் யூஎஸ்பிக்குப் போங்க. இப்ப ஒரே டிஸ்க்தான் இருக்கு, அதனால அதுதான் `sda`. இருந்தாலும் `lsblk`ல பார்த்துக்குங்க. ஜிபிடி டிஸ்க்ல பார்டிஷன் அட்டவணையோட நகல் டிஸ்க்கோட கடைசியில இருக்கணும், பிரதி எடுத்ததால அது நடுவுல மாட்டிக்கிட்டு இருக்கு. அதைக் கடைசிக்கு அனுப்ப:

```
sudo sgdisk -e /dev/sda
```

அப்புறம் ஜிபார்டட்ல ரெக்கவரி பார்டிஷனை வலது ஓரத்துக்குத் தள்ளுங்க. இங்க அது அரை ஜிபிதான், கண் மூடித் திறக்கறதுக்குள்ள நகர்ந்துடுச்சு. திரும்ப விண்டோஸுக்கு வந்து C:யைப் பெருசாக்கி, `reagentc /enable` கொடுத்தா ரெக்கவரியும் பழையபடி வேலை செய்யும்.

"அப்படியே முன்ன மாதிரி"ங்கறதுக்கு ஒரு எல்லை இருக்கு. டிரைவோட வால்யூம் எண்ணைப் பார்த்து லைசென்ஸ் கொடுக்குற மென்பொருள் பிரதியிலயும் ஓடும், ஏன்னா அந்த எண்ணும் பிரதியாயிடுது. டிஸ்க் தயாரிச்சவங்க உள்ளே பதிச்ச சீரியல் எண்ணைப் பார்க்குற மென்பொருள் ஓடாது. அதை எந்தப் பிரதியாலும் மாத்த முடியாது. அப்படி ஒண்ணு இருந்தா, பழைய டிஸ்க் வேலை செய்யும்போதே விற்பனையாளர்கிட்ட பேசிடுங்க. அண்ணனோடது யூஎஸ்பி டாங்கிள் பூட்டு, அதனால தொல்லை இல்லை.

பழைய டிஸ்க்கை அவர் டிவி ஸ்டாண்டுக்கு எக்ஸ்ட்ரா இடமா மாத்தப் பார்த்தார். ஒரு மாசம் தொடாதீங்கன்னு தேதி எழுதி ஒட்டிப் பீரோவுல வைக்கச் சொல்லியிருக்கேன்.

டிஸ்கி: பிட்லாக்கர் போட்டிருக்கற பொட்டின்னா, பிரதி எடுக்கறதுக்கு முன்னாடி அதை முழுசா நீக்கி, டிக்ரிப்ட் ஆகி முடியற வரைக்கும் காத்திருங்க. ரெக்கவரி சாவியையும் வேற இடத்துல எழுதி வச்சுக்குங்க. இல்லைன்னா ஜிபார்டட் அந்தப் பார்டிஷனைப் பார்த்து முழிக்கும்.