அத்தைக்கு அனுப்பிய பதில்

அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். கோவில்பட்டியிலிருந்து அத்தை ஒரு சின்ன டப்பாவின் படத்தை அனுப்பி, "இருபது நாள் ராத்திரி போடும்மா, மேடையில எடுப்பா தெரிவே" என்று எழுதியிருந்தார். டப்பாவில் தயாரித்தவர் முகவரி இல்லை. உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலும் இல்லை.

முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவள் அல்லவா, முதலில் பெரியார், அம்பேத்கர் என்று நீளமாக எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன். அத்தை தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். "பொண்ணு கருப்பு" என்று அவரை வேண்டாமென்று போனவர்கள் உண்டு. அந்த அவமானம் எனக்கு வரக்கூடாது என்றுதான் இதை அனுப்பியிருக்கிறார். அதனால் இப்படி எழுதினேன்:

"அத்தை, என்மேல உள்ள பிரியத்துலதான் சொல்லுதீங்கன்னு தெரியும். ஆனா இது வேண்டாம். என் நிறத்தோடயே மேடையேறுதேன். மாப்பிள்ளை பார்த்துப் பிடிச்சதும் இந்த முகத்தைத்தான். நீங்க பக்கத்துல நின்னு பூ வச்சுவிடுங்க, அது போதும்."

மறுத்ததற்கு இரண்டு காரணங்கள்.

முதலாவது, உடம்பு. இந்தியச் சட்டப்படி அழகுக் கிரீமில் பாதரசம் சேர்க்கக் கூடாது. ஆனாலும் பெயர் தெரியாத கிரீம்களில் அது கலக்கப்படுகிறது. தோலில் நிறமி உருவாவதை அது தடுப்பதால் சீக்கிரமே வெளுப்பு தெரியும். சில நாளில் முகம் வெளுக்கிறது என்றாலே சந்தேகப்பட வேண்டும். பாதரசம் தோல் வழியாக ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை ஒன்று இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் கிரீம் பூசியவர்கள். சிறுநீர் நுரைப்பதும் கால் வீங்குவதும் இந்நோயின் அறிகுறிகள். சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையிலேயே புரதம் கசிவது தெரிந்துவிடும்.

இரண்டாவது, சாதி. எங்கள் வீட்டில் சிவப்பாகப் பிறந்த பிள்ளையை "நம்ம ஆளுக மாதிரியே தெரியல" என்று கொஞ்சுவார்கள். அது பாராட்டு என்றால், நம்ம ஆளாகத் தெரிவது குறையா? நிறத்தை வைத்துச் சாதியைச் சொல்ல முடியாது. கரிசக்காட்டில் நாளெல்லாம் வெயிலில் நின்று பருத்தி எடுத்தால் யாரும் கறுப்பார்கள். வெயிலில் நிற்க வேண்டியிராதவர்களின் நிறத்தைத்தான் அழகு என்று வைத்திருக்கிறார்கள். கிரீம் வெளுக்க நினைப்பது என் தோலை மட்டுமல்ல, என் ஆச்சி காட்டில் நின்ற தடத்தையும்தான்.

அத்தை இரண்டு நாள் பேசவில்லை. நேற்று கூப்பிட்டார். "பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆறு மாசமா இதைத்தான் போடுதா. அவளுக்குக் கால் வீங்கியிருக்கு. என்ன செய்யச் சொல்ல?"

இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், டப்பாவைத் தூக்கிப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்றேன்.