எதிர்வீட்டுப் படம்

தெருவில் நின்று எதிர்வீட்டைப் படம் எடுக்கிறார் ஒருவர். செல்போன் செயலியில் சுவரை நீலமாக்கி, ஓட்டுக்கூரையை எடுத்துவிட்டு மாடி கட்டி, முகநூலில் போடுகிறார். இது சரியா?

படம் எடுத்ததில் தவறில்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கட்டடத்தைப் படமெடுப்பதையும் வரைவதையும் வெளியிடுவதையும் அனுமதிக்கிறது. நிறம் மாற்றிய படமும் அந்த வீட்டின் படம்தானே! வடிவமைத்த பொறியாளர் வழக்குப் போடுவாரோ என்று அஞ்ச வேண்டியதில்லை என்பதே நம் கருத்து.

சுற்றுச்சுவரில் ஓவியர் ஒருவர் தீட்டிய மயில் இருந்தால்? அங்கே கவனம் தேவை. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்துக்குச் சட்டம் தரும் விலக்கு, ஓவியத்துக்கு இல்லை. மயிலையே படத்தின் மையமாக்கி, அதையும் திருத்திப் பரப்புவதற்கு முன் ஓவியரைக் கேட்பதுதான் முறை.

படத்தை நாம் எடுக்காமல் இணையத்திலிருந்து இறக்கியிருந்தால்? வீடு யாருடையதாக இருந்தாலும், படத்தின் உரிமை பொதுவாக அதை எடுத்தவருக்கே. நிறத்தை மாற்றிவிட்டதால் அது நமதாகிவிடாது.

பதிப்புரிமையைவிட நம்மை உறுத்துவது வேறு. ஜன்னலுக்குள் ஜூம் செய்வது வீட்டைப் படமெடுப்பது ஆகாது. உள்ளே இருப்பவர்களைப் படமெடுப்பது. 1994-இல் ‘நக்கீரன்’ ஆசிரியர் தொடுத்த வழக்கில், தன்னையும் தன் குடும்பத்தையும் பிறர் கண்ணிலிருந்து காத்துக்கொள்வது குடிமகனின் உரிமை என்றது உச்ச நீதிமன்றம். பத்திரிகைச் சுதந்திரத்தைக் காத்த அதே தீர்ப்புதான் இதையும் சொன்னது. வார இதழ் நடத்தும் நாம் அதை மறக்க முடியாது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றே உறுதிசெய்தது.

திருத்தத்திலும் ஒரு கோடு இருக்கிறது. நீலம் பூசிய சுவரை யாரும் உண்மை என்று நம்பி ஏமாந்துவிடப் போவதில்லை. விரிசலும் பாசியும் சேர்த்து, ‘இடியப்போகும் வீடு’ என்று எழுதினால் விலை பேச வந்தவர் திரும்பிப் போவார். குடியிருப்பவர் பெயர் கெடும். அவதூறு வழக்குக்கு அது வழி திறக்கும். ‘இது கற்பனைத் தோற்றம்’ என்பதைப் படத்தின் மேலேயே எழுதுங்கள். கீழே எழுதும் குறிப்பு, படம் இரண்டு கை மாறுவதற்குள் காணாமல் போய்விடும்.

பகிருமுன் கதவு எண், வண்டி எண், வாசலில் விளையாடும் குழந்தை, கொடியில் காயும் துணி ஆகியவற்றை வெட்டிவிடுங்கள். முடியாவிட்டால் ஒரே நிறத்தில் கட்டம் போட்டு மூடுங்கள். லேசாக மங்கலாக்கினால் எண்களை ஊகித்துவிட முடிகிறது. படம் எடுத்த இடத்தின் குறிப்பு கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் கூடவே போகும்.