எழாத மாட்டைக் கொல்வது தரை

“கால்சியம் ஏத்தியாச்சு. எழுந்தா பார்க்கலாம், இல்லேன்னா அதோட விதி.” கன்று போட்ட மாடு படுத்துவிட்டால் ஊர் ஊராகச் சொல்லப்படும் தீர்ப்பு இது. பாலவாக்கம் போன்ற இடங்களில், வீட்டை ஒட்டிய சிமென்ட் கொட்டகையில் மாடு வைத்திருப்பவர்களுக்கு இந்த நம்பிக்கையைவிட ஆபத்தானது வேறில்லை.

முதல் காரணம் பெரும்பாலும் பால் காய்ச்சல்தான். கன்று போட்ட மூன்று நாளுக்குள் ரத்தத்தில் கால்சியம் குறைகிறது. காது சில்லிட்டு, கழுத்து ஒருபக்கம் வளைந்து மாடு படுத்துவிடுகிறது. கடினமான பிரசவத்தில் நசுங்கிய நரம்பு, விஷமேறிய மடிநோய், வழுக்கி விழுந்ததால் வந்த எலும்பு முறிவு ஆகியவையும் உண்டு. எது என்று கண்டுபிடிப்பது மருத்துவர் வேலை.

ஆனால் இரண்டாவது காரணத்தை உண்டாக்குவது நாம். நள்ளிரவில் படுத்த நானூறு கிலோ மாட்டை விடியற்காலையில் பார்க்கிறோம் என்று வையுங்கள். அத்தனை நேரமும் அடியில் மடங்கிய பின்னங்கால் சிமென்ட்டுக்கும் உடலுக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. ரத்தம் ஓடாமல் தொடைத் தசை வீங்கிச் சாகிறது, நரம்பும் கெடுகிறது. 1982இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், நல்ல மாடுகளை மயக்கி ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஒரே காலின்மேல் கிடத்திப் பார்த்தார்கள். பல மாடுகள் பிறகு எழவே இல்லை. அவற்றுக்குக் கால்சியக் குறைவு எதுவும் இல்லை.

ஆகவே கால்சியம் ஏறும்போதே தரையையும் மாற்றுங்கள். பத்தடிக்குப் பத்தடி, ஓரடி ஆழம் மணல்: ஒரு யூனிட் போதும். மேலே வைக்கோல் பரப்புங்கள். சிமென்ட்டில் வெறும் வைக்கோல் போட்டால் மாடு உதைத்த உதையில் விலகிவிடும். வாலையோ கழுத்தையோ பிடித்து இழுக்காமல், தார்ப்பாயில் உருட்டி நகர்த்துங்கள்.

நெஞ்சு தரையில் படும்படி நிமிர்ந்து உட்கார, பக்கத்தில் மண் மூட்டைகளை முட்டுக் கொடுங்கள். தட்டையாகச் சாய்ந்தால் வயிறு உப்பும். மூன்று நான்கு மணிக்கொருமுறை, இரவிலும், அடிக்காலை வெளியே எடுத்து மறுபக்கம் புரட்டுங்கள். தண்ணீரும் தீவனமும் வாய்க்கு எட்டவேண்டும். நனைந்த படுக்கையை உடனே மாற்றவேண்டும்.

தூக்குவது கடைசி உதவி. வயிற்றில் மெல்லிய கயிறு கட்டி மூங்கிலில் தூக்குவது தோலை அறுக்கும், மூச்சைத் திணறடிக்கும். இடுப்புக் கவ்வி போட்டால் நெஞ்சுக்கும் அகலப் பட்டை வேண்டும். காலூன்றினால் சில நிமிடம் நிற்கவிடலாம். தொங்கினால் அப்போதே இறக்கிவிடவேண்டும்.

தின்று, அசைபோட்டு, எழ முயலும் மாட்டைப் பல நாள் காப்பாற்றிப் பார்க்கலாம். எலும்பு முறிந்ததை, தீவனம் மறுத்துத் தட்டையாகவே கிடப்பதை வதைக்கக் கூடாது. வலியில்லாமல் விடுவிப்பது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

மாடு படுத்தவுடன் 1962 எண்ணுக்கு அழையுங்கள். கால்நடை மருத்துவ வண்டி வருமுன் மணலைக் கொட்டுங்கள்.