அத்தையா? பாட்டியா?

என் தகப்பனாருக்கு மூத்த அக்காள் ஒருவர் இருக்கிறார். வயது 84. அவர் எனக்கு அத்தை. அதே அம்மாள் எனக்குப் பாட்டியும் ஆவார்!

எப்படி? அவர் பெற்ற மகளைத்தான் என் தகப்பனார் மணந்தார். அக்காள் மகளை மணப்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம். ஆகவே, தகப்பனார் வழியில் அவர் அத்தை. தாயார் வழியில் அவர் பாட்டி. நான் பாட்டி என்றுதான் கூப்பிடுவேன். என் தகப்பனார் அக்கா என்பார்.

இப்படிப்பட்ட குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாக வீடியோவில் காட்ட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். பழைய போட்டோக்களைக் காட்டி, பெரியவர்களின் குரலில் கதை சொல்ல வேண்டுமாம். செல்போனில் அதற்குத் தயார் படிவங்கள் கிடைக்கின்றன. ஒன்றைத் திறந்தேன். மரம் போல் கட்டம் கட்டமாக இருந்தது. ஒருவருக்கு ஒரு கட்டம். என் தாயாரை எந்தக் கட்டத்தில் வைப்பது? பேத்திகள் வரிசையிலா? மருமகள்கள் வரிசையிலா? அங்கேயே வேலை நின்றுவிட்டது.

தயார் படிவத்தை நம்பாதீர்கள் என்பது என் கருத்து. முதலில் ஒரு பெரிய தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உச்சியில் யார்?

உச்சியில் ஒரே ஒரு தம்பதியை வையுங்கள். இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகளையும் ஒரே வீடியோவில் அடைக்கப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. மற்றப் பக்கத்துக்கு வேறு வீடியோ எடுத்துக்கொள்ளலாம்.

நாங்கள் என் தகப்பனாரைப் பெற்ற தாத்தாவையும் ஆச்சியையும் உச்சியில் வைத்தோம். அவர்களுக்குப் பிள்ளைகள் ஐந்து பேர். மூத்தவர் பாட்டி. கடைசிப் பிள்ளை என் தகப்பனார். இருவருக்கும் இடையே 14 வயது வித்தியாசம்.

அடுத்து, ஒரு விதி செய்துகொண்டோம். ஒருவரைப் பிறந்த இடத்தில் ஒரு முறைதான் முழுதாக அறிமுகம் செய்வது. அவரே வேறு இடத்தில் கணவனாகவோ மனைவியாகவோ வந்தால், சின்னப் படமாகக் காட்டி உறவைச் சொல்லிவிடுவது.

ஆனால் பிள்ளைகளை எங்கே வைப்பது? நான் தகப்பனார் வழியில் மூன்றாம் தலைமுறை. தாயார் வழியில் நான்காம் தலைமுறை. "தகப்பன் வழியில்தான் வைக்க வேண்டும்" என்றார் சித்தப்பா முறை உள்ள ஒருவர். எனக்கு அது சரியாகப் படவில்லை. உச்சித் தம்பதியிலிருந்து எந்த வழியில் படிகள் குறைவோ, அந்த வழியில் வைப்போம் என்றேன். ஆணோ பெண்ணோ, எல்லோருக்கும் அந்த விதி பொருந்தும். எங்கள் வீட்டில் அது தகப்பனார் வழியாக அமைந்தது. அடுத்த வீட்டில் தாயார் வழியாக அமையலாம்.

படத்தின் கீழே "பெரியப்பா", "மாமா" என்று எழுதாதீர்கள். பார்ப்பவர் யார் என்பதைப் பொறுத்து முறை மாறும். என் பெரியப்பா என் மாமன் மகனுக்குப் பெரியப்பா ஆவாரா? பெயரைத்தான் எழுத வேண்டும். பெயரோடு "இன்னார் மகன்", "இன்னார் மகள்" என்று பெற்றவர் பெயரும் வேண்டும்.

இதிலும் ஒரு சங்கடம் உண்டு. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. எங்கள் தாத்தாவின் பெயர் மூன்று பேரன்களுக்கு இருக்கிறது! அவர்களை வீட்டில் "கடைக்காரன்", "மிலிட்டரிக்காரன்", "சின்னவன்" என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பட்டப் பெயர்களையே சேர்த்து எழுதினோம். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை.

பாட்டியின் குரல்

குரல் பதிவில் முதல் நாள் தோற்றுப்போனேன். பாட்டியின் எதிரே செல்போனை நீட்டி, "தாத்தாவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றேன். பாட்டி மேடையில் நிற்பவர் போல ஆகிவிட்டார். "அவர் ரொம்ப நல்லவர், எல்லோருக்கும் உதவுவார்" என்றார். அதோடு சரி. எந்தத் தாத்தாவுக்கும் அது பொருந்தும்!

மறுநாள் வேறு விதமாகச் செய்தேன். பழைய போட்டோவைப் பாட்டியின் கையில் கொடுத்தேன். "தாத்தா கையில் என்ன வைத்திருக்கிறார்?" என்று மட்டும் கேட்டேன்.

"அது குடை. மழை இல்லை, வெயில் இல்லை, போட்டோக் கடைக்குக் குடையோடு போனார். புதுக் குடை. ஊருக்குத் தெரிய வேண்டாமா?" என்று பாட்டி சிரித்தார்.

இதுதான் வேண்டும். 20 நொடிதான். தாத்தா எழுந்து வந்து நின்றுவிட்டார்.

பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். நம் காதுக்கு அது பழகிவிட்டதால் தெரியாது. பதிவில் பெரிய காற்றுப் போலக் கேட்கும். செல்போனைக் கையில் பிடிக்காமல், மடித்த துண்டின் மேல், பேசுபவரிடமிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். ஒரு கேள்விக்கு ஒரு பதிவு. அரைமணி நேரம் ஒரே பதிவாக எடுத்தால் பிறகு வெட்டுவதற்கு யாருக்கும் பொறுமை இருக்காது.

வெளியூரில் உள்ளவர்கள் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார்கள். அது பெரும்பாலும் `.opus` என்ற வகையில் இருக்கும். சில வீடியோ செயலிகள் அதை ஏற்காது. குரல் இல்லை, கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். `.mp3` வகைக்கு மாற்றினால் வேலை செய்யும். போட்டோவை அனுப்பச் சொல்லும்போது `Document` என்ற இடத்தின் வழியாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, தெளிவு குறைந்துவிடும்.

புயல் சொன்ன தேதி

பாட்டியின் இரண்டாம் பிள்ளை, என் மாமா. அவருடைய பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி 1964 ஜூன் என்று இருக்கிறது. பாட்டி ஒப்பவில்லை. "தனுஷ்கோடியில் புயல் அடித்த சேதி வந்தபோது அவன் வயிற்றில் இருந்தான். உன் அம்மா ஓடியாடிக்கொண்டிருந்தாள்" என்றார்.

அந்தப் புயல் அடித்தது 1964 டிசம்பரில். அப்படியானால் மாமா பிறந்தது 1965-ல்தான் இருக்க வேண்டும். சான்றிதழ் எப்படித் தவறும்? அந்தக் காலத்தில் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் பையனைப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். வாத்தியார் ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டுவிடுவார். மாமா கை நீளக்காரர்!

வீடியோவில் 1965 என்று மட்டும் போட்டோம். பெரியவர்களிடம் வருஷம் கேட்காதீர்கள். புயல், தேர்தல், புதிதாக வந்த மின்சாரம், இவற்றுக்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். அவர்கள் தப்பாகச் சொல்வது குறைவு.

கத்தரித்த போட்டோ

1971-ல் எடுத்த குடும்பப் போட்டோ ஒன்று இருக்கிறது. அதில் ஓர் ஓரம் கத்தரியால் வெட்டப்பட்டிருக்கிறது. பாட்டியின் தோளில் யாருடைய விரல்களோ நான்கு தெரிகின்றன. ஆள் இல்லை.

அவர் பாட்டியின் தங்கை, என் சின்ன அத்தை. மறு வருஷம் தாம் விரும்பியவரை மணந்துகொண்டு போய்விட்டார். அதன் பிறகு அவர் பெயரை வீட்டில் யாரும் சொன்னதில்லை. 2009-ல் அவர் காலமான செய்திகூடப் பத்து நாள் கழித்துத்தான் எங்களுக்கு வந்தது.

"அவளை எதற்கு வீடியோவில் இழுக்கிறாய்? நாலு பிள்ளைகள் என்று சொல்லிவிடு. யார் எண்ணப்போகிறார்கள்?" என்றார் பெரியப்பா.

நான் பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறவன் அல்ல. ஆனால் இதில் ஒப்ப முடியவில்லை. வேண்டாதவர்களை நீக்கிவிட்டு எடுக்கும் வீடியோ, அந்தக் கத்தரியின் வேலையைத்தான் மறுபடி செய்கிறது. போட்டோவை வெட்டியவருக்காவது கோபம் என்ற காரணம் இருந்தது. எங்களுக்கு என்ன காரணம்?

பாட்டியிடம் போட்டோவைக் கொடுத்து, "இந்த விரல் யாருடையது?" என்று கேட்டேன். பாட்டி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அவளுக்கு நான்தான் தலை பின்னிவிடுவேன். அன்றைக்கும் நான்தான் பின்னினேன்" என்றார். பெரியப்பா பக்கத்தில்தான் இருந்தார். எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சின்ன அத்தையின் மகன் கோயமுத்தூரில் இருக்கிறார். அவரிடம் கேட்டோம். அம்மாவின் வாக்காளர் அட்டைப் படம் ஒன்றுதான் இருக்கிறது என்று அனுப்பினார். தபால் தலை அளவு. இப்படிப்பட்ட படத்தைத் திரை முழுவதும் பெரிதாக்கினால் முகம் புள்ளி புள்ளியாகக் கலைந்துவிடும். வெறும் பின்னணியில் சிறிதாகவே வைத்தோம். முதலில் கத்தரித்த போட்டோ, அதில் அந்த விரல்கள், பிறகு இந்தச் சின்னப் படம். பாட்டியின் குரல் மேலே ஓடுகிறது. பாட்டு எதுவும் சேர்க்கவில்லை. மற்ற இடங்களிலும் குரல் வரும்போது சினிமாப் பாட்டுப் போடவில்லை. பெரியவர்களின் மெல்லிய குரலைப் பாட்டு விழுங்கிவிடும்.

எவ்வளவு நேரம்?

உச்சித் தம்பதிக்கு ஆளுக்கு ஒரு நிமிடம், ஆக 2 நிமிடம். ஐந்து பிள்ளைகளின் குடும்பத்துக்குத் தலா 40 நொடி, ஆக 3 நிமிடம் 20 நொடி. பேரன் பேத்திகள் 14 பேர். என் தாயாரைத் தகப்பனாரோடு சொல்லியாகிவிட்டது. மற்ற 13 பேருக்குத் தலா 20 நொடி, ஆக 4 நிமிடம் 20 நொடி. அடுத்த தலைமுறைக் குழந்தைகள் 26 பேர். முகமும் பெயரும் மட்டும், தலா 3 நொடி. எல்லாம் சேர்ந்து 11 நிமிடத்துக்கு 2 நொடி குறைவு. இதற்கு மேல் போனால் குழந்தைகள் எழுந்துவிடுவார்கள்.

கீழே வரவர நேரம் குறைவதைச் சிலர் குறை சொன்னார்கள். குழந்தைகளைத் தினமும் பார்க்கிறோமே! தாத்தாவின் குடையை இனி யார் சொல்லப்போகிறார்கள்?

மாட்டுப் பொங்கலன்று வீட்டு டிவியில் போட்டோம். தாத்தா குடையோடு வந்ததும் சிரிப்பு. சின்ன அத்தை வந்தபோது கூடத்தில் சத்தமில்லை. முடிந்ததும் பாட்டி என்னைக் கூப்பிட்டார்.

"கோயமுத்தூருக்கு ஒன்று அனுப்பினாயா?"

"இன்னும் இல்லை, பாட்டி."

"அனுப்பு. வரச் சொல்லியும் ஒரு வார்த்தை நான் பேசித் தருகிறேன். அந்த விசிறியை நிறுத்து" என்றார்.