எஸ்யூவி என்று சொல்லிவிட்டால் போதுமா?



பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் ஐந்து பேர், கொஞ்சம் தென்னந்தோப்பு. கார் வாங்கலாம் என்று முடிவாகிவிட்டது. கணவருக்கு பிக்கப் மேல் கண். தேங்காயும் ஏற்றலாம், குடும்பமும் போகலாம் என்கிறார். கல்லூரி படிக்கும் மகனுக்கு எஸ்யூவிதான் வேண்டும். மாமனாருக்கோ முழங்கால் வலி. "ஷோரூமில் ஹேட்ச்பேக், செடான், கிராஸ்ஓவர் என்று அடுக்கினார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். உண்மையில் இதெல்லாம் என்ன சார்?" என்று கேட்கிறார்.

தலையாட்டிவிட்டு வருவது அவர் மட்டுமா? பத்து லட்சம் கொடுத்து வாங்கும் பொருளின் பெயருக்கு அர்த்தம் கேட்கக் கூச்சப்படுகிறோம் நாம் எல்லோருமே. அதனால் இந்த இதழில் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் வண்டியைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். பழைய அம்பாசிடரை நினைவிருக்கிறதா? முன்னால் இன்ஜினுக்கு ஒரு பெட்டி, நடுவில் ஆட்களுக்கு ஒரு பெட்டி, பின்னால் சாமானுக்கு ஒரு பெட்டி என்று மூன்றும் தனித்தனியாகத் தெரியும். அதுதான் செடான். பின்னால் இருக்கும் அந்த டிக்கியைத் திறந்தால் மூடி மட்டும்தான் தூக்கும். பின் கண்ணாடி அசையாது.

ஹேட்ச்பேக்கில் மூன்றாவது பெட்டி கிடையாது. கண்ணாடியோடு சேர்த்து முழுப் பின்கதவும் மேலே தூக்கும். சாமான் வைக்கும் இடமும் நீங்கள் உட்காரும் இடமும் ஒரே அறைதான். பின் சீட்டை மடக்கினால் தையல் மிஷினைக்கூட உள்ளே தள்ளிவிடலாம். செடானில் அது நடக்காது. ஆனால் செடான் டிக்கியில் வைத்த கருவாட்டு மூட்டையின் வாசனை உள்ளே அவ்வளவாக வராது. ஹேட்ச்பேக்கில் ஊர் போய்ச் சேரும் வரை கூடவே வரும்!

இரண்டுக்கும் நம் தெருவிலேயே நல்ல உதாரணம் ஸ்விஃப்ட்டும் டிசையரும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம் இரண்டிலும் ஒன்றேதான், 2,450 மில்லிமீட்டர். இப்போது வரும் மாடலில் ஸ்விஃப்ட்டின் டிக்கி 265 லிட்டர், டிசையரின் டிக்கி 382 லிட்டர். செடானுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்தப் பின்பெட்டிக்குத்தான்.

சரி, டிசையரின் பின்பக்கம் ஏன் வெட்டிவிட்ட மாதிரி இருக்கிறது? அதற்குப் பின்னால் ஒரு பட்ஜெட் இருக்கிறது. 2006-ல் ப.சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது, 4 மீட்டருக்குள் அடங்கும் சிறிய கார்களுக்கு எக்சைஸ் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். இன்ஜின் அளவுக்கும் வரம்பு உண்டு. பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500. 2008-ல் வந்த முதல் டிசையர் 4 மீட்டரைத் தாண்டியிருந்தது. 2012-ல் வந்த அடுத்த டிசையர் 3,995 மில்லிமீட்டரில் நின்றுவிட்டது. வரிக்காக வாலைக் குறைத்துக்கொண்ட செடான் அது. இன்றும் அதே 4 மீட்டர் கோடுதான். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறிய பிறகு கோட்டுக்கு இந்தப் பக்கம் 18 சதவீதம், அந்தப் பக்கம் 40.

இனி கிராஸ்ஓவர். பார்க்க ஜீப் போல நிமிர்ந்து நிற்கும். ஆனால் அடியில் இருப்பது சாதாரணக் காரின் உடம்பு. மாருதியின் பலேனோவையும் ஃப்ராங்க்ஸையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். சக்கரங்களுக்கு இடையிலான தூரம் இரண்டிலும் 2,520 மில்லிமீட்டர். நீளத்தில் வித்தியாசம் 5 மில்லிமீட்டர்தான். டிக்கியோ ஃப்ராங்க்ஸில் 10 லிட்டர் குறைவு! பலேனோ ஹேட்ச்பேக், ஃப்ராங்க்ஸ் கிராஸ்ஓவர். வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி சுமார் 20 மில்லிமீட்டர் கூடுகிறது, பானெட் நிமிர்கிறது, பக்கவாட்டில் கறுப்பு பிளாஸ்டிக் வருகிறது.

அப்படியானால் ஏமாற்று வேலையா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நம் ஊர் வேகத்தடைகளின் உயரம் தெரியும்தானே? ஆட்களோடு போகும்போது அடி தட்டாமல் இருக்க அந்த இடைவெளி உதவும். இன்னொன்றும் உண்டு. தாழ்வான காரில் முழங்காலை மடக்கி உள்ளே இறங்க வேண்டும், வெளியே வரும்போது எம்பி எழ வேண்டும். கிராஸ்ஓவரின் சீட் பெரும்பாலும் இடுப்பு உயரத்தை ஒட்டியே இருக்கும். திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொண்டால் போதும். பொள்ளாச்சி மாமனாருக்கு இதுதான் முக்கியம். காட்டாற்றைக் கடக்க மட்டும் அதை நம்பாதீர்கள். பெரும்பாலான கிராஸ்ஓவர்களில் இன்ஜினின் சக்தி போவது முன்சக்கரம் இரண்டுக்கு மட்டும்தான்.

அப்படியென்றால் நிஜமான எஸ்யூவி எது?

இதற்கு அரசாங்கமே திணறியிருக்கிறது. ஜிஎஸ்டி செஸ் இருந்த காலத்தில், 4 மீட்டருக்கு மேல் நீளம், 1,500 சிசிக்கு மேல் இன்ஜின், 170 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தரை இடைவெளி இருந்தால்தான் எஸ்யூவிக்கான 22 சதவீதம். இப்போது ஓடும் கிரெட்டாவை எஸ்யூவி என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அதன் இன்ஜின் 1,500 சிசிக்குக் கொஞ்சம் உள்ளே இருப்பதால் அந்தக் கணக்கில் அது எஸ்யூவி இல்லை! கடைசியில் 2023-ல் ஜிஎஸ்டி கவுன்சில், வண்டியை எந்தப் பெயரில் அழைத்தாலும் சரி, அளவுகள்தான் கணக்கு என்று மாற்றிவிட்டது. பெயரை நம்பிப் பயனில்லை என்று அரசே முடிவு செய்த பிறகு நாம் மட்டும் நம்பலாமா?

மெக்கானிக்குகள் பார்க்கும் இடம் வேறு. அவர்கள் குனிந்து வண்டிக்கு அடியில் பார்ப்பார்கள். முன்னாலிருந்து பின்னால் வரை இரண்டு தடித்த இரும்புச் சட்டங்கள், நடுவில் குறுக்குச் சட்டங்கள், ஏணியைப் படுக்க வைத்த மாதிரி தெரிந்தால் அது லேடர் ஃபிரேம் சேஸிஸ். லாரிக்கு இருப்பது அதுதான். இன்ஜினும் சக்கரங்களும் அந்தச் சட்டத்தில் மாட்டப்படும், மேலே பாடி தனியாக உட்காரும். அப்படிச் சட்டம் தெரியாமல் வளைத்து அழுத்திய தகடாகவே தரை இருந்தால், பாடியே சேஸிஸாகவும் வேலை செய்கிறது என்று பொருள். அதை மோனோகாக் என்பார்கள். ஹேட்ச்பேக், செடான், கிராஸ்ஓவர் எல்லாம் இன்று மோனோகாக்தான். பழைய பாணி எஸ்யூவிக்கும் பிக்கப்புக்கும்தான் ஏணிச் சட்டம்.

நமக்கு நன்கு தெரிந்த இன்னோவாவையே பாருங்கள். கிரிஸ்டா ஏணிச் சட்டம், பின்சக்கரம் இழுக்கும். 2022-ல் வந்த ஹைகிராஸ் மோனோகாக், முன்சக்கரம் இழுக்கும். பெயர் ஒன்று, அடியில் இருப்பது வேறு வேறு.

இப்போது கணவரும் மகனும் மல்லுக்கு நிற்கும் இடத்துக்கு வருவோம். டொயோட்டாவின் ஃபார்ச்சூனர் எஸ்யூவி, ஹைலக்ஸ் பிக்கப். இரண்டும் ஒரே குடும்பத்து ஏணிச் சட்டத்தில் உருவானவை. டீசல் ஃபார்ச்சூனரில் இருக்கும் அதே 2.8 லிட்டர் இன்ஜின்தான் ஹைலக்ஸிலும். அப்புறம் என்ன வித்தியாசம்?

ஃபார்ச்சூனரில் ஆட்களையும் சாமானையும் ஒரே கூரை மூடுகிறது. மூன்றாவது வரிசையோடு ஏழு பேர் உட்காரலாம். ஹைலக்ஸில் ஐந்து பேருக்கான கேபின் அங்கேயே முடிகிறது. பின்னால் திறந்த தொட்டி. கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கும், அடுத்த முறை கவனியுங்கள். சுமையோடு மேடுபள்ளத்தில் போகும்போது ஏணிச் சட்டம் லேசாக முறுக்கிக்கொள்ளும். கேபினையும் தொட்டியையும் ஒட்டிவிட்டால் அந்த முறுக்கலில் தகடு கிழியும். அதனால்தான் தனித்தனி. அமெரிக்காவில் ஓடும் ஹோண்டா ரிட்ஜ்லைன் போன்ற சில பிக்கப்புகள் மோனோகாக் என்பதால் அவற்றுக்கு இந்தப் பிளவு தேவையில்லை. ஆனால் அவை விதிவிலக்கு.

பெரிய வித்தியாசம் பின்சக்கரத்தின் மேல் இருக்கிறது. ஃபார்ச்சூனருக்குச் சுருள் ஸ்பிரிங். ஹைலக்ஸுக்கு லீஃப் ஸ்பிரிங், லாரி அடியில் அடுக்கடுக்காக இருக்குமே, அந்த இரும்புப் பட்டைகள். மூட்டை ஏற்றினால் அடங்கிப் போகும். காலியாக ஓட்டினால் ஒவ்வொரு குழியிலும் பின்பக்கம் துள்ளும். பின்னால் எடை இல்லாததால் மழை ஈரத்தில், வளைவில் வேகமாகத் திருப்பினால் வால் வழுக்கவும் செய்யும். பின் சீட்டில் தாத்தாவை உட்கார வைத்துக் காலித் தொட்டியோடு கோவைக்கு டாக்டரைப் பார்க்கப் போவதை யோசித்துப் பாருங்கள். நீளத்தையும் மறக்க வேண்டாம். ஃபார்ச்சூனர் 4.8 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஹைலக்ஸ் 5.3 மீட்டருக்கு மேல். உங்கள் போர்ட்டிகோவை இன்றே டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

"தேங்காய் ஏற்றலாமே" என்பார் கணவர். அங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆர்சியில் வண்டியின் வெறும் எடையும் சுமையோடு இருக்கக்கூடிய மொத்த எடையும் போட்டிருக்கும். ஒரு பேச்சுக்கு மொத்தம் 2,900 கிலோ, வெறும் எடை 2,200 என்று வையுங்கள். மிச்சம் 700 கிலோ. அது முழுவதும் தேங்காய்க்கு இல்லை. உள்ளே உட்காரும் ஆட்களும் அதில்தான் சேர்த்தி. ஐந்து பேருக்கு 330 கிலோ கழித்தால் 370தான் மிஞ்சும். மட்டையோடு இருக்கும் காய் ஒன்று ஒரு கிலோவைத் தாண்டும். முந்நூறு காய் ஏற்றினாலே கணக்கு முடிந்தது. நம் ஊர்க் குட்டி யானை, அதாவது டாடா ஏஸ், பிக்கப் விலையில் சிறு பகுதிக்குக் கிடைக்கிறது. அதுவே முக்கால் டன் இழுக்கும்.

"அப்போது குட்டி யானையே வாங்கி, பின்னால் ஜமுக்காளம் விரித்துக் குலதெய்வம் கோயிலுக்குப் போய்விட்டு வரலாமே?" கூடாது. அது சரக்கு வாகனம், மஞ்சள் போர்டு. குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை எஃப்சி காட்ட வேண்டும். பின்னால் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி தப்பு. சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விபத்தானால் ஈட்டுத்தொகை வண்டிக்காரர் தலையில்தான் விழும். அதேபோல், வெள்ளை போர்டு பிக்கப்பில் பக்கத்துத் தோட்டத்துக் காயை வாடகைக்கு ஏற்றவும் முடியாது.

வாசகிக்கு என் யோசனை இதுதான். பிக்கப் விலையில் பாதிக்கும் கீழே, 4 மீட்டருக்குள் ஒரு கிராஸ்ஓவர் எடுங்கள். சின்னதாக ஒரு ஹேட்ச்பேக் போதும் என்று மாமனார் சொன்னால் அவரையே ஷோரூமுக்கு அழைத்துப்போய் இரண்டிலும் ஏறி இறங்கச் சொல்லுங்கள். 45 நாளைக்கு ஒரு முறை வெட்டு விழும்போது குட்டி யானையை வாடகைக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம். மகன் முகம் சுளித்தால், "விளம்பரத்தில் இதையும் எஸ்யூவி என்றுதான் போட்டிருக்கிறார்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்